யூடியூப் வருமானம் குறைகிறதா? வரிப் படிவத்தை ஒருமுறை பாருங்கள்

சுங்கைப் பட்டாணி, பீடோங் பக்கம் சமையல், பாட்டு, தோட்டப்புற வாழ்க்கை என்று யூடியூப் காணொளி போடும் நம்மவர்கள் கூடிவிட்டார்கள். பணம் வரத் தொடங்கிய பிறகு பலர் கவனிக்காமல் விடுவது, அமெரிக்க வரிப் படிவம். அமெரிக்காவுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். நம் காணொளியை அங்குள்ளவர்கள் பார்ப்பதால் கிடைக்கும் தொகையை உரிமத் தொகையாகக் கருதி அந்நாடு வரி விதிக்கிறது. 2021 ஜூன் முதல் கூகுள் அதைப் பிடித்தம் செய்து வருகிறது.

படிவம் இல்லையென்றால் நீங்கள் எந்த நாட்டவர் என்பது கூகுளுக்கு உறுதியாகத் தெரியாது. அதனால் தனிநபர் கணக்கில், உலகம் முழுவதும் கிடைத்த மொத்த வருமானத்திலிருந்தும் 24 விழுக்காடு வரை கழிக்கப்படலாம். படிவம் கொடுத்த மலேசியருக்கோ, அமெரிக்கப் பார்வையாளர்களால் வந்த பங்கில் மட்டும் 30 விழுக்காடு.

30 கூடுதலாயிற்றே என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு மாதம் 200 டாலர் வருகிறது, அதில் அமெரிக்காவிலிருந்து வந்தது 20 டாலர் என்று வைத்துக்கொள்வோம். படிவம் இருந்தால் பிடித்தம் 6 டாலர். இல்லாவிட்டால் 48 டாலர் வரை போகும்.

நிலையைப் பார்க்க, ஆட்சென்ஸ் கணக்கில் நுழைந்து Payments, பிறகு Payments info, அதில் Manage settings என்று போங்கள். United States tax info என்ற இடத்தில் Manage tax info இருக்கும். படிவம் Approved என்று இருந்தால் கவலையில்லை. In review என்றால் சில நாள் பொறுக்கலாம். அங்கே எதுவுமே இல்லையென்றால் உடனே நிரப்புங்கள். தனிநபருக்கு உரியது W-8BEN.

நம்மவர்கள் இடறும் இடம் ஒன்று உண்டு. தமிழ்நாட்டு யூடியூபர்களின் விளக்கக் காணொளியைப் பார்த்து, ஒப்பந்தச் சலுகையாக 15 விழுக்காட்டைத் தேர்ந்தெடுத்துவிடுகிறார்கள். அது இந்தியாவுக்கு உள்ள ஒப்பந்தம். மலேசியாவுக்கும் அமெரிக்காவுக்கும் அப்படியொரு வருமான வரி ஒப்பந்தம் இல்லை. ஆகவே சலுகை கேட்கும் கேள்விக்கு No என்பதே நமக்குச் சரியான பதில். பெயரையும் மைகார்டில் உள்ளபடியே எழுதுங்கள், சேனல் பெயரை அல்ல. வரி எண் கேட்டால் எல்எச்டிஎன் கொடுத்த, IG என்று தொடங்கும் எண்ணை இடலாம்.

ஒருமுறை கொடுத்தால் ஆயுளுக்கும் போதும் என்றும் இருந்துவிடாதீர்கள். கையெழுத்திட்ட ஆண்டுக்குப் பின் வரும் மூன்றாவது ஆண்டின் டிசம்பர் 31-உடன் படிவம் காலாவதியாகும். 2023-இல் கொடுத்தவருக்கு 2026 இறுதி வரைதான்.

எவ்வளவு கழித்தார்கள் என்பது Transactions பக்கத்தில் தனி வரியாகத் தெரியும். அமெரிக்கப் பங்கு சிறியதாக இருந்தும் மொத்தத்தில் கால்வாசி போயிருந்தால், படிவம் இல்லை அல்லது காலாவதியாகிவிட்டது என்று சந்தேகிக்கலாம்.