திசை மாறும் அழைப்புகள்

"உங்கள் சிம்மில் கோளாறு. *401# அழுத்தி, நான் சொல்லும் எண்ணையும் போடுங்கள்." வாடிக்கையாளர் சேவை அதிகாரியாக நடிப்பவரின் பேச்சை நம்பினால், பெரியவருக்கு வரும் அழைப்புகள் மோசடிக்காரருக்குத் திரும்பிவிடும். குரலில் வரும் ஓ.டி.பி.யும் சேர்த்துத்தான். எனவே மத்திய அரசின் தொலைத்தொடர்புத் துறை, 2024 ஏப்ரல் 15 முதல் குறியீடு மூலம் அழைப்பைத் திருப்பும் வசதியை நிறுத்த உத்தரவிட்டது. ஆனால் போனின் அமைப்புகள் வழியாகத் திருப்ப முடியும்.

கிராம இளைஞர் மன்றத்தின் சிற்றுரைக்கு மூன்று சோதனைகள் போதும்.

முதலாவது, அழைப்புத் திருப்பம். *#21# அழுத்தினால் எல்லா அழைப்புகளும் வேறெங்காவது போகின்றனவா என்று திரை காட்டும். போன் அணைந்திருக்கும்போது மட்டும் திருப்பியிருந்தால் இதில் தெரியாது, அதற்கு *#62#. சந்தேகம் இருந்தால் ##002# அனைத்தையும் நீக்கும். குறியீடு வேலை செய்யாவிட்டால், போன் அமைப்பில் Call forwarding பகுதியைப் பார்க்கலாம்.

இரண்டாவது, வாட்ஸ்அப்பில் Linked devices. அறிமுகமில்லாத கணினி தெரிந்தால் Log out.

மூன்றாவது, sancharsaathi.gov.in தளத்தில் தன் பெயரில் உள்ள எண்களைப் பார்ப்பது. தனதல்லாததை அங்கேயே புகார் செய்யலாம்.

இதற்கும் ஓ.டி.பி. வரும். அதைப் பெரியவரே தட்டட்டும். உதவும் இளைஞர் போனைக் கையில் வாங்க வேண்டாம். உதவ வந்தவரிடமும் ஓ.டி.பி.யைச் சொல்லக்கூடாது என்பது அங்கேயே பழகிவிடும்.