படுக்க மறுக்கும் குழந்தை, நடு இரவில் எழும் குழந்தை: இரண்டும் ஒன்றல்ல

சுகாதாரப் பணியாளர் பயிற்சியில் இருப்பவர்கள் வீடுகளுக்குச் செல்லும்போது தாய்மார்களிடம் அடிக்கடி கேட்கும் முறையீடு, “ராத்திரி தூங்கவே விடமாட்டேங்குது” என்பது. உடல்நோய் எதுவும் இல்லாமல், தூங்க வைக்கும் பழக்கத்தாலேயே வரும் இந்தச் சிக்கலுக்குக் குழந்தைப் பருவ நடத்தை சார்ந்த தூக்கமின்மை என்று பெயர். இது பற்றிப் பயிற்சி பெறுவோருக்கு எழும் சந்தேகங்களும் விளக்கங்களும் இங்கே.

குழந்தை இரவில் பல முறை விழித்தால் அதுவே நோயா?

இல்லை. எல்லாக் குழந்தைகளும் இரவில் சில முறை விழிக்கின்றன. கைக்குழந்தையின் தூக்கம் ஏறக்குறைய ஒரு மணி நேரச் சுற்றுகளாக அமைகிறது. ஒரு சுற்று முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில் லேசான விழிப்பு வருவது இயல்பு. சில குழந்தைகள் புரண்டு படுத்துத் தாமாகவே மறுபடி தூங்கிவிடுகின்றன. சில குழந்தைகளால் அது முடிவதில்லை. யாராவது வந்து தூங்க வைக்க வேண்டியிருக்கிறது. சிக்கல் விழிப்பதில் இல்லை, திரும்பத் தூங்குவதில்தான் இருக்கிறது. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு இந்தப் பெயரைச் சூட்டக் கூடாது. அந்த வயதில் இரவில் எழுந்து பால் குடிப்பது உடலின் தேவை.

இரண்டு வகை என்கிறார்களே, எப்படிப் பிரித்தறிவது?

தாயிடம் இரண்டு கேள்விகள் கேளுங்கள். “படுக்க வைத்ததும் எவ்வளவு நேரத்தில் தூங்குகிறது? தூங்கிய பிறகு எத்தனை முறை கூப்பிடுகிறது?”

“தூளியில் போட்டு ஆட்டினால் பத்து நிமிடத்தில் தூங்கிவிடும். ஆனால் ராத்திரி நாலு தடவை எழுந்து அழும். ஒவ்வொரு தடவையும் ஆட்டியாக வேண்டும்” என்றால், அது தூக்கத் துணைப் பழக்க வகை. ஆட்டுதல், தோளில் போட்டு நடத்தல், பால் குடித்துக்கொண்டே உறங்குதல் என ஏதோ ஒரு துணையோடுதான் குழந்தை தூங்கப் பழகியிருக்கிறது. நடு இரவில் விழிக்கும்போது அந்தத் துணை இல்லாததால் அழுகிறது. ஆறு மாதம் முதல் மூன்று வயது வரை இதை அதிகம் காணலாம்.

“படுக்கப் போகவே மாட்டான். தண்ணீர், ஒண்ணுக்கு, இன்னொரு கதை என்று பதினோரு மணி வரை இழுப்பான். தூங்கிவிட்டால் காலை வரை எழ மாட்டான்” என்றால், அது வரம்பு வகுக்காத வகை. படுக்கும் நேரம் என்று ஒன்று இல்லை, அல்லது இருந்தும் நாளுக்கு நாள் மாறுகிறது. நடக்கவும் பேசவும் பழகிய, இரண்டு வயதுக்கு மேற்பட்ட குழந்தைகளிடம் இது தலைகாட்டும். சில வீடுகளில் இரண்டும் கலந்தே இருக்கும்.

தூளியும் தாயின் பக்கத்தில் படுப்பதும் தவறா?

தவறில்லை. தாய், தந்தை, பாட்டி எல்லோரும் ஒரே அறையில் பாய் விரித்துப் படுக்கும் வீட்டில் “தனி அறையில் போடுங்கள்” என்பது பயனற்ற அறிவுரை. பக்கத்தில் அம்மா இருப்பதும் ஒரு துணைதான். ஆனால் அம்மா இரவு முழுவதும் அங்கேயே இருப்பதால் குழந்தை விழித்தாலும் அது மாறாமல் இருக்கிறது. ஆட்டுதல் அப்படியல்ல. யாராவது எழுந்து ஆட்டினால்தான் உண்டு. குடும்பத்துக்கு அது சுமையாக இல்லையென்றால் மாற்றவும் தேவையில்லை.

மாற்ற விரும்பும் குடும்பத்துக்கு என்ன சொல்வது?

பதினான்கு மாதப் பெண் குழந்தை ஒன்றை எடுத்துக்கொள்வோம். எட்டரை மணிக்குப் பாட்டி தூளியில் ஆட்டித் தூங்க வைக்கிறார். பதினொன்று, ஒன்று, மூன்று, நாலரை என விழித்து அழுகிறது. எடை சரியாக ஏறுகிறது, பகலில் சுறுசுறுப்பாக விளையாடுகிறது.

முதலில் ஒரு வாரம் தூக்கக் குறிப்பு எழுதச் சொல்லுங்கள்: படுத்த நேரம், தூங்கிய நேரம், விழித்த நேரம், அப்போது யார் என்ன செய்தார்கள். பிறகு இரவு தொடங்கும் அந்த முதல் தூக்கத்தை மட்டும் மாற்றுங்கள். தாய்ப்பாலை நிறுத்த வேண்டியதில்லை. படுக்க அரை மணி முன்பே கொடுத்தால் போதும். முதல் மூன்று, நான்கு இரவுகள் கண் சொருகும் வரை மட்டும் ஆட்டி, தூங்குவதற்குள் பாயில் கிடத்தித் தட்டிக்கொடுக்க வேண்டும். அடுத்த சில இரவுகளில் தூளியே இல்லாமல் பாயில் தட்டல் மட்டும். அதன்பின் தட்டாமல் கையை மட்டும் வைத்திருத்தல். கடைசியாகப் பக்கத்தில் வெறுமனே படுத்திருத்தல். நடு இரவு விழிப்புகளுக்குத் தொடக்கத்தில் பழையபடியே ஆட்டலாம். முதல் தூக்கம் துணையின்றிப் பழகிவிட்டால், அடுத்த ஓரிரு வாரங்களில் நடு இரவு அழுகையும் பெரும்பாலும் குறையத் தொடங்கும்.

படுக்க மறுக்கும் நான்கு வயதுப் பையனுக்கு?

அடம் என்று முடிவு கட்டும் முன் பகல் தூக்கத்தைக் கேளுங்கள். மூன்று முதல் ஐந்து வயது வரை பகல் தூக்கத்தையும் சேர்த்து 10 முதல் 13 மணி நேரம் போதும். மாலை நான்கு முதல் ஐந்தரை வரை தூங்கிய பையனுக்கு எட்டரை மணிக்குத் தூக்கம் வராது. பகல் தூக்கத்தை மூன்று மணிக்குள் முடிக்கச் சொல்லுங்கள்.

அவன் உண்மையில் தூங்குவது பத்தரை மணிக்கு என்றால், சில நாள் பத்தரைக்கே படுக்க வையுங்கள். சண்டை இல்லாமல் தூங்குவான். காலையில் எழுப்பும் நேரம் மாறக் கூடாது. பிறகு மூன்று நாளுக்கு ஒரு முறை கால் மணி நேரம் முன்னே நகர்த்தினால், சுமார் இரண்டரை வாரத்தில் ஒன்பது மணியை எட்டலாம். டிவி, செல்போன் இரண்டையும் ஒரு மணி நேரம் முன்பே அணைத்துவிட வேண்டும். தண்ணீர், கழிப்பறை, ஒரு கதை எல்லாம் படுக்கும் முன்பே முடியட்டும். கூடுதலாக ஒரு அட்டையைக் கொடுத்து, இரவில் ஒரே ஒரு முறை எழுந்து வரலாம் என்று சொல்லலாம். அட்டையைப் பயன்படுத்திய பின்னும் எழுந்தால், திட்டாமல், பேச்சை வளர்க்காமல் கொண்டுபோய்ப் படுக்க வைக்க வேண்டும்.

“செய்து பார்த்தோம், அழுகை அதிகமானதுதான் மிச்சம்” என்கிறார்களே?

பழைய பலன் கிடைக்காதபோது குழந்தை முதல் சில இரவுகள் முன்னைவிட உரக்க அழுவது எதிர்பார்க்க வேண்டியதே. இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால் குடும்பம் அப்போதே கைவிட்டுவிடும். ஒரு மணி நேரம் அழவிட்டு, பிறகு மனமிரங்கித் தூளியில் போட்டால், ஒரு மணி நேரம் அழுதால் தூளி கிடைக்கும் என்றே குழந்தை கற்கும். அம்மா மறுப்பதைத் தாத்தா கொடுத்தாலும் இதே கதிதான். அதனால் வீட்டிலுள்ள எல்லோரையும் உட்கார வைத்துப் பேசி, ஒப்புக்கொள்ளும் வேகத்தில் தொடங்குங்கள். காய்ச்சல் வந்தாலோ ஊருக்குப் போனாலோ நிறுத்திவிட்டு, பிறகு முதல் படியிலிருந்து தொடரலாம்.

தூங்குவதற்காகச் சளி மருந்து கொடுக்கும் பழக்கம் இருந்தால் நிறுத்தச் சொல்லுங்கள். அது பழக்கத்தை மாற்றாது. சிறு குழந்தைக்கு ஆபத்தும் ஆகலாம்.

எப்போது மருத்துவரிடம் அனுப்ப வேண்டும்?

தினமும் குறட்டை, வாயால் மூச்சு விடுதல், தூக்கத்தில் மூச்சு நின்று திணறல் இருந்தால் தாமதிக்காமல் அனுப்புங்கள். எடை ஏறாமை, காதைப் பிடித்து அழுதல், தோல் அரிப்பு, கீரிப்பூச்சியால் இரவில் ஆசனவாய் அரிப்பு, வெளிறிய முகத்தோடு கால்களை ஓயாமல் உதைத்தல், கைகால் வெட்டி இழுத்தல் ஆகியவற்றுக்கும் பரிசோதனை தேவை. தூங்கிய முதல் சில மணி நேரத்துக்குள் அலறி எழுந்து, அழைத்தாலும் அடையாளம் தெரியாமல் விழித்து, காலையில் எதுவும் நினைவில்லாமல் இருந்தால் அது வேறு நிலை. மேலே சொன்ன முறைகள் அதற்குப் பொருந்தா.

இவை எதுவும் இல்லாமல், முறையாகச் செய்தும் நான்கு வாரத்தில் தூக்கக் குறிப்பில் மாற்றம் தெரியவில்லை என்றால், அந்தக் குறிப்பையும் கையோடு கொடுத்துக் குழந்தைநல மருத்துவரிடம் அனுப்புங்கள்.