ஜூலையில் பார்த்த வீடு நவம்பரில் எப்படி இருக்கும்?

ஜூலை பிறந்தால் சென்னை வீட்டுத் தரகர்களின் போன் ஓயாது. வளைகுடா நாடுகளில் பள்ளிகளுக்குக் கோடை விடுமுறை விடும் நேரம் அது. மூன்று வார விடுப்பில் வந்திறங்கும் குடும்பங்கள், கல்யாணம், காதுகுத்து, குலதெய்வக் கோயில் எல்லாம் போக மிஞ்சுகிற நாலைந்து நாளில் வீடு பார்க்கின்றன. அப்போது தெரு காய்ந்து கிடக்கும், சுவரும் காய்ந்திருக்கும். சென்னைக்குப் பெருமழை வருவதோ அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் வரை. ஆகவே ஊர் திரும்பப் போகிற குடும்பம், தான் வாங்கும் வீட்டை அதன் மிகக் கடினமான நாளில் பார்ப்பதே இல்லை.

இதைப் புரிந்துகொண்ட தரகர் நவம்பர் மழையில் குடை பிடித்துக்கொண்டு தெருமுனையிலிருந்து வீட்டு வாசல்வரை ஒரே மூச்சில் வீடியோ எடுத்து வைத்துக்கொள்கிறார். அடுத்த ஜூலையில் அதைத்தான் முதலில் காட்டுகிறார். தெருவில் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றால் அதுவும் அந்த வீடியோவில் இருக்கும். நீச்சல் குளம், ஜிம், கிளப் ஹவுஸ் என்று மின்னும் விளம்பரப் படங்களுக்கு நடுவே இந்த மங்கலான மழைப்படம் வீட்டை விற்றுக் கொடுக்கிறது என்றால், வாங்குபவர்களின் பயம் எங்கே இருக்கிறது என்பதை அது சரியாகத் தொட்டுவிடுகிறது என்றுதான் அர்த்தம்.

ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். கணவனும் மனைவியும் சார்ஜாவில் பல வருடம் வேலை பார்த்தவர்கள். மகள் பத்தாம் வகுப்புக்கு வருவதற்குள் சென்னையில் குடியேறிவிட வேண்டும். மேடவாக்கம் பக்கம், 2012-இல் கட்டிய குடியிருப்பில் இரண்டாவது மாடி, 80 லட்ச ரூபாய். கையில் இருப்பது பதினெட்டு போட்டோவும் ஒரு வாட்ஸ்அப் வீடியோவும். வீடியோவில் ஹால் விசாலமாகத் தெரிகிறது. இப்போதைய போன்களில் இருக்கும் அகலக்கோண லென்ஸ் எந்த ஹாலையும் விசாலமாகக் காட்டும் என்பது அவர்களுக்கும் தெரியும்.

அவர்களுடைய முதல் கேள்வி பத்திரத்தைப் பற்றியது. வழக்கமாக என்ன நடக்கும்? “டாக்குமெண்ட் எல்லாம் பக்கா சார்” என்று தரகர் சொல்வார். ஒரு பிடிஎஃப் வரும். தூரத்தில் இருப்பவருக்கு அந்த பிடிஎஃப்பை நம்புவதா வேண்டாமா என்று தெரியாது. தொழில் தெரிந்தவர்கள் பிடிஎஃப் அனுப்புவதோடு நிறுத்துவதில்லை. எந்தச் சார்பதிவாளர் அலுவலகம், எந்தக் கிராமம், சர்வே எண் என்ன, விற்பவர் வாங்கிய பத்திரத்தின் எண்ணும் வருடமும் என்ன என்ற நான்கு விவரங்களையும் எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். இவை கையில் இருந்தால் சார்ஜாவில் உட்கார்ந்தபடியே பதிவுத்துறையின் tnreginet.gov.in தளத்தில் வில்லங்கச் சான்றை அவர்களே எடுத்துப் பார்க்கலாம். விற்பவர் காட்டியதைப் பார்ப்பது வேறு, அரசுத் தளத்தில் தானே தேடி எடுத்துப் பார்ப்பது வேறு. இந்த வகை வாடிக்கையாளரிடம் இரண்டாவதுதான் வேலை செய்கிறது.

மேடவாக்கம் வீட்டின் வில்லங்கத்தில் அப்படி ஒரு பதிவு வந்து நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். விற்பவர் வீட்டுக் கடன் வாங்கியபோது மூலப் பத்திரங்களை வங்கியில் ஒப்படைத்ததற்கான எம்.ஓ.டி. பதிவு அது. கடன் எப்போதோ அடைந்துவிட்டது. வங்கி பத்திரத்தையும் திருப்பிக் கொடுத்துவிட்டது. ஆனால் அடமானம் தீர்ந்ததற்கான ரசீதை யாரும் பதிவு செய்யவில்லை. பழைய அடுக்குமாடி வீடுகளில் இது அடிக்கடி தென்படும் சிக்கல். வங்கி அதிகாரியும் விற்பவரும் சார்பதிவாளர் அலுவலகம் போய் ரசீதைப் பதிவு செய்தால் தீர்ந்துவிடும். ஆனால் வாங்குபவர் அதைத் தானாகக் கண்டுபிடித்துக் கேட்கும்போது, “இன்னும் என்னென்ன மறைத்திருக்கிறார்களோ” என்ற சந்தேகம் வந்துவிடுகிறது. விளம்பரம் போடுவதற்கு முன்பே தரகர் வில்லங்கம் போட்டுப் பார்த்து, ரசீதைப் பதிவு செய்ய வைத்திருந்தால் அந்தக் கேள்விக்கே இடமிருந்திருக்காது.

வில்லங்கச் சான்றுக்கும் எல்லை உண்டு. பதிவான பத்திரங்கள் மட்டுமே அதில் வரும். பதிவு செய்யாத உயில், கையெழுத்துப் போடாத வாரிசு, நீதிமன்றத்தில் கிடக்கும் வழக்கு ஆகியவை அதில் தெரியாமல் போகலாம். அதனால் மூலப் பத்திரத்திலிருந்து இன்றுவரை சங்கிலி அறுபடாமல் வருகிறதா என்று பார்க்க வாங்குபவரே அமர்த்திய வக்கீல் வேண்டும். விற்கும் தரப்பின் வக்கீல் எழுதித் தரும் கருத்துரை இலவசமாகக் கிடைத்தாலும் அது விற்பவரின் கருத்துரைதான்.

அடுத்தது விற்பவர் எங்கே வசிக்கிறார் என்ற கேள்வி. இதைக் கேட்க எல்லாருமே மறந்துவிடுகிறார்கள். அவர் இந்தியாவில் வசிப்பவரானால், 50 லட்சம் அல்லது அதற்கு மேற்பட்ட விலைக்கு வாங்குபவர் 1 சதவீதம் வரி பிடித்துக் கட்ட வேண்டும்; இந்த வீட்டுக்கு 80,000 ரூபாய். விற்பவரும் வெளிநாட்டில் இருப்பவரானால் கணக்கே மாறிவிடும். நீண்ட கால ஆதாயத்துக்கான 12.5 சதவீத விகிதத்தை, வருமான வரித்துறையின் குறைவிகிதச் சான்று இல்லாதபோது, பெரும்பாலும் முழு விலையின் மேலேயே பிடிக்கிறார்கள். அதற்கு மேல் கூடுதல் வரிகளும் உண்டு. 80 லட்சத்தில் 10 லட்சத்துக்கும் மேல் போய்விடும். ஒப்பந்தம் போட்ட பிறகு இது தெரியவந்தால் இரண்டு தரப்புக்கும் மனக்கசப்பு. போதாததற்கு, விளம்பரத்தில் இருக்கும் 80 லட்சத்தில் பதிவுச் செலவு சேர்ந்திருக்காது. கைமாறும் வீட்டுக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் என்று வைத்தால் மேலும் 7 லட்சத்து 20 ஆயிரம். முதல் நாளே முழுத் தொகையையும் எழுதிக் கொடுக்கும் தரகர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

தூரத்துக்கு மருந்தாகச் சொல்லப்படுவது பவர் பத்திரம். பயமும் அங்கேதான் பெரிதாக இருக்கிறது. “ஜெனரல் பவர் கொடுத்துடுங்க, மீதியை நாங்க பாத்துக்கறோம்” என்று ஒரு பில்டர் அலுவலகத்தில் சொன்னால், எத்தனையோ சொத்து மோசடிக் கதைகளைக் கேட்டிருக்கும் குடும்பம் அந்த இடத்திலேயே விலகிவிடும். விலகுவது நியாயமும்கூட. தேவைப்படுவது தனி அதிகாரப் பத்திரம் மட்டுமே. இந்தக் கதவு எண் உள்ள, இந்தச் சர்வே எண்ணில் உள்ள வீட்டை வாங்குவதற்கான பத்திரத்தில் கையெழுத்திட மட்டும் அதிகாரம். விற்கவோ அடமானம் வைக்கவோ கிடையாது. அதையும் தரகருக்கோ பில்டருக்கோ கொடுக்காமல் அப்பாவுக்கோ உடன்பிறந்தவருக்கோ கொடுப்பது வழக்கம்.

சார்ஜாவில் இருப்பவர் இந்தியத் தூதரகம் வழியாகக் கையெழுத்தைச் சான்று பெற வேண்டும். சிங்கப்பூரில் இருப்பவருக்கு இன்னொரு வழியும் உண்டு. 2021 முதல் அந்த நாடு அப்போஸ்டில் உடன்படிக்கையில் இருக்கிறது. நோட்டரி முன்பு கையெழுத்திட்டு அப்போஸ்டில் முத்திரை வாங்கிவிடலாம். பிறகு அசல் பத்திரம் கூரியரில் ஊருக்கு வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை கட்டியாக வேண்டும். இந்தச் சங்கிலியில் உடைவது பெரும்பாலும் சின்ன விஷயம். வரைவில் கதவு எண்ணோ பிரிபடாத பங்கின் சதுர அடியோ மூலப் பத்திரத்திலிருந்து ஓர் எழுத்து மாறியிருக்கும். பிறகு மறுபடியும் அப்பாயின்ட்மென்ட், மறுபடியும் விடுப்பு, மறுபடியும் கூரியர். வரைவை வக்கீலிடம் காட்டி, மூலப் பத்திரத்தின் சொத்து விவரத்தோடு வரிக்கு வரி ஒத்துப் பார்த்த பிறகே அனுப்பும் தரகருக்கு அடுத்த வாடிக்கையாளரை இந்தக் குடும்பமே அனுப்பி வைக்கும்.

புதுக் குடியிருப்பு வாங்குபவருக்குச் சட்டத்தின் பிடி கொஞ்சம் கூடுதல். ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படி பதிவெண் இல்லாமல் திட்டத்தை விளம்பரம் செய்யக் கூடாது. பதிவு செய்த ஒப்பந்தம் போடாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது. வீட்டை ஒப்படைத்து 5 ஆண்டுக்குள் கட்டுமானக் குறை தெரிந்தால் பில்டர்தான் சரிசெய்து தர வேண்டும். துபாய் ஓட்டலில் நடக்கும் கண்காட்சியில் “இன்னிக்கே புக் பண்ணினா சலுகை” என்று கேட்கும் தொகைக்கும் அந்த 10 சதவீத வரம்பு பொருந்தும். பழைய வீட்டுக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. ஆகவே கண்ணால் பார்க்காத வீட்டின் நிலைமையை வேறு விதத்தில்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

மெருகேற்றிய வீடியோவை ஓரமாக வைத்துவிட்டு, நேரலை அழைப்பில் சாயங்காலம் ஏழு மணிக்கு, ஊரே தண்ணீர் திறக்கும் நேரத்தில், எல்லாக் குழாய்களையும் ஒன்றாகத் திறந்து காட்டச் சொல்வது ஒரு வழி. தரை டைல்ஸை நாணயத்தால் தட்டிக்கொண்டே நடக்கச் சொன்னால் எங்கெங்கே அடியில் வெற்றிடம் இருக்கிறது என்று போனிலேயே ஒலி காட்டிக் கொடுக்கும். பால்கனி விட்டத்தில் பழுப்புக் கோடாக விரிசல் ஓடினால் உள்ளே கம்பி துருப்பிடிக்கிறது. கடற்கரைப் பக்கக் கட்டடங்களில் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். குளியலறை ஒழுகுகிறதா என்பது அந்த வீட்டில் நின்று பார்த்தால் தெரியாது. கீழ்வீட்டுக்காரரின் கூரையைப் பார்த்தால் தெரியும். அங்கே மஞ்சள் படிந்திருந்தால் மேல்வீட்டில் எத்தனை கோட் பெயின்ட் அடித்தும் பிரயோசனமில்லை.

தண்ணீரின் கதை குடியிருப்போர் சங்கத்தின் கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது. சென்னையின் தென்புறத்தில் பல குடியிருப்புகள் கோடையில் லாரித் தண்ணீரை நம்பி நிற்பவை. போன மே மாதத்து லாரிச் செலவு என்ன, அந்த மாதம் ஒரு வீட்டுக்குப் பராமரிப்புக் கட்டணம் எவ்வளவு என்ற இரண்டு எண்களைக் கேட்டு வாங்கினால் ஆழ்துளைக் கிணறு வற்றுகிறதா இல்லையா என்று புரிந்துவிடும். தண்ணீரின் கரைபொருள் அளவை ஒரு சின்ன மீட்டர் சொல்லிவிடும். குடிநீருக்கு இந்தியத் தரநிலை விரும்பும் அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம்; வேறு வழியில்லாத இடத்தில் 2,000 வரை பொறுக்கிறது. மீட்டர் 1,800 காட்டும் வீட்டில் வாஷிங் மெஷினும் கீசரும் என்ன பாடுபடும் என்று பதினைந்து வருடம் பாலைவனத்தில் இருந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

வெள்ளத்துக்கும் தடயம் உண்டு. 2015 டிசம்பரில் முடிச்சூரும் வேளச்சேரியும் மூழ்கிய பிறகு, பல கட்டடங்களில் தரைத்தளத்து மின் மீட்டர் பெட்டிகளை மேலே தூக்கி வைத்தார்கள். பழைய பெட்டி இருந்த இடத்தில் சுவரில் ஓட்டையும் ஆணித் தடமும் அப்படியே இருக்கும். “வெள்ளம் வந்ததா?” என்று கேட்டால் கிடைக்கும் பதிலைக் காட்டிலும், வாட்ச்மேனிடம் மீட்டர் பெட்டியைக் காட்டச் சொன்னால் கிடைக்கும் பதில் தெளிவானது.

பத்திரம் பதிவாகி, மின் இணைப்பும் சொத்து வரியும் பெயர் மாறின பிறகும் அந்தச் சார்ஜாக் குடும்பம் வந்து சேர ஏழெட்டு மாதம் ஆகலாம். பூட்டிக் கிடக்கும் வீட்டில் குளியலறை வளைகுழாய்களில் நிற்கும் தண்ணீர் வற்றிவிடும்; அந்த வழியாகச் சாக்கடை வாடையும் கரப்பானும் மேலே ஏறும். சில தரகர்கள் மாதம் ஒருமுறை போய் எல்லாத் துவாரத்திலும் ஒரு குவளை தண்ணீர் ஊற்றி, ஜன்னலைத் திறந்து வைத்து, மின் மீட்டரைப் படமெடுத்து அனுப்புகிறார்கள். கட்டணம் பேசியும் செய்கிறார்கள், பேசாமலும் செய்கிறார்கள். நவம்பர் வந்தால் மீட்டர் படத்தோடு மாடிப்படிக்குக் கீழே மழைத் தண்ணீர் நின்ற உயரமும் சேர்ந்து போகிறது.