தகட்டை மடக்கும் முன்

கன்வேயர் ஓரத்தில் ஒரு சென்சாரைப் பிடித்து நிற்கும் ‘எல்’ வடிவ பிராக்கெட்டை எடுத்துக்கொள்வோம். 2 மி.மீ. இரும்புத் தகடு, கடையில் 14 கேஜ் ஷீட் என்பார்கள். பிரேமில் போல்ட் போடும் பக்கம் 50 மி.மீ. நீளம், 60 மி.மீ. அகலம். சென்சார் நிற்கும் பக்கம் 40 மி.மீ. நீளம், அகலமும் 40 தான். நீளங்கள் இரண்டும் வெளிப்புற அளவு. இதை லேசரில் வெட்டக் கொடுக்கும்போது, மடக்குவதற்கு முன்னால் இருக்கும் தட்டைத் தகட்டின் நீளம் எவ்வளவு?

ஐம்பதும் நாற்பதும் தொண்ணூறு என்று வெட்டி, ஐம்பதாவது மில்லிமீட்டரில் மடக்கினால் ஒரு பக்கம் 51.8, இன்னொன்று 41.8 என்று வந்து நிற்கும். மடக்கியதில் தகடு அவ்வளவு நீண்டுவிட்டது என்று நினைக்கத் தோன்றும். கோளாறு நம் கூட்டலில்தான் இருக்கிறது. வெளி அளவுகளைக் கூட்டும்போது மூலையின் கூர் முனைவரை போய்த் திரும்புவதாகக் கணக்கு வைக்கிறோம். தகடு அந்த முனையைத் தொடுவதே இல்லை. குறுக்கே வளைந்து போய்விடுகிறது. வளைவு எடுத்துக்கொள்ளும் அந்த நீளத்துக்குத்தான் பெண்ட் அலவன்ஸ் என்று பெயர்.

வளைவில் தகட்டின் வெளிப்பக்கம் இழுபடுகிறது, உள்பக்கம் அமுங்குகிறது. நடுவில் எங்கோ ஒரு மட்டத்தில் இரண்டும் இல்லை. அங்கே நீளம் மாறுவதில்லை. அந்த மட்டம் தகட்டின் சரிபாதியில் இருந்தால் வேலை சுலபம். ஆனால் மடக்கும்போது அது உள்பக்கமாக நகர்ந்துவிடுகிறது. உள்பரப்பிலிருந்து தகட்டுத் தடிமனில் எத்தனை பங்கு தள்ளி அது இருக்கிறது என்பதே கே ஃபேக்டர். சாதாரண வேலைகளில் 0.33-க்கும் 0.5-க்கும் நடுவில் வரும். கணக்கு இவ்வளவுதான்:

```
BA = (π/180) × A × (R + K × T)
```

A மடக்கும் கோணம், R உள்வளைவின் ஆரம், T தகட்டுத் தடிமன். நம் பிராக்கெட்டில் கோணம் 90, ஆரம் 2, கே 0.42 என்று வைத்தால் வளைவுக்கு 4.46 மி.மீ. வருகிறது. ஒவ்வொரு பக்கத்திலும் மூலையை ஒட்டி ஆரமும் தடிமனும் சேர்ந்த 4 மி.மீ.யைக் கழித்தால் நேர்ப்பகுதிகள் 46, 36. மொத்தம் 86.46. தொண்ணூறில் 3.54 குறைய வேண்டும். மடக்கும் கோடு, 50 மி.மீ. பக்கத்தின் விளிம்பிலிருந்து 48.23-ல் விழும்.

சாலிட்வொர்க்ஸோ ஃபியூஷனோ இந்தக் கணக்கைக் கண்ணிமைக்கும் நேரத்தில் போட்டு விரித்துக் காட்டிவிடும். ஆனால் அதற்கு நாம் கொடுத்த ஆரமும் கே-யும் பட்டறையில் இருக்கும் மிஷினுக்குப் பொருந்துமா என்பதுதான் கேள்வி. பெரும்பாலான பிரஸ் பிரேக்கில் பஞ்ச் தகட்டை டையின் அடிவரை நசுக்குவதில்லை. ‘வி’ பள்ளத்தின் இரு தோளிலும் தகடு தாங்கி நிற்க, நடுவில் அழுத்துகிறது. அதனால் உள்ஆரத்தைத் தீர்மானிப்பது பள்ளத்தின் அகலம். சாதா இரும்பில் அந்த அகலத்தில் ஆறில் ஒரு பங்கு அளவுக்கு ஆரம் வரும். 2 மி.மீ. தகட்டுக்கு வழக்கமாகப் போடும் 16 மி.மீ. டையில் அது இரண்டரையைத் தொடும். டிராயிங்கில் R2 என்று எழுதிவிட்டதற்காக மிஷின் மாற்றிக்கொள்ளாது. ஒரே மடிப்பில் இதனால் வரும் வித்தியாசம் 0.2 மி.மீ. போல, பிராக்கெட்டுக்கு ஒன்றும் ஆகாது. நான்கு மடிப்புள்ள பெட்டியென்றால் மூடி உட்காராது.

எனவே, புத்தக அட்டவணையைவிட ஒரு துண்டுத் தகட்டை நம்பலாம் என்பது என் கட்சி. அதே ஷீட்டிலிருந்து சரியாக 100 மி.மீ. நீளத்தில் ஒரு பட்டை வெட்டி, அதே டையில் நடுவாக்கில் 90 டிகிரி மடக்குங்கள். மடக்கிய பிறகு இரு பக்கத்தின் வெளி அளவையும் வெர்னியரில் பாருங்கள். கூட்டினால் 103.6 வருகிறது என்று வையுங்கள்; அந்த 3.6-தான் ஒவ்வொரு மடிப்புக்கும் கழிக்க வேண்டிய அளவு. கே என்ன, ஆரம் என்ன என்று தெரியாமலேகூட வேலை முடிந்துவிடும். கோணம் மட்டும் சரியாக 90 இருக்க வேண்டும். விட்டதும் தகடு சற்றே திரும்பி விரியும் என்பதால் ஆபரேட்டர் கொஞ்சம் கூடுதலாக மடக்கித்தான் 90-க்குக் கொண்டுவருவார்.

அடுத்தது ரிலீஃப். நம் பிராக்கெட்டில் 60 அகலத் தகட்டின் விளிம்பில் நடுவிலிருக்கும் 40 மட்டும் மடிந்து எழுகிறது; இருபுறமும் 10 மி.மீ. தோள் தட்டையாகவே நிற்க வேண்டும். மடிகிற உலோகமும் மடியாத உலோகமும் ஒட்டிக்கொண்டிருந்தால், அந்த மூலையில் தகடு என்ன செய்யும்? கிழியும்; கிழியாவிட்டால் தோளையும் இழுத்துத் தூக்கும். மடக்கியதும் மூலையை விரல் நகத்தால் தடவினாலே சொரசொரப்பான கீறல் தட்டுப்படும். பெயின்ட் அடித்தால் மறைந்துவிடும், ஆனால் கன்வேயர் அதிர அதிர அங்கிருந்துதான் விரிசல் ஓடும்.

தடுக்க வழி, தட்டைத் தகட்டிலேயே மூலைக்கு ஒரு வெட்டு வைப்பது. வளைவு 46-ல் தொடங்குகிறது; தோளின் விளிம்பு 50-ல் இருக்கிறது. வெட்டு 50-லிருந்து 45 வரை இறங்கட்டும், வளைவு தொடங்கும் இடத்தைத் தாண்டி ஒரு மில்லிமீட்டர். அகலம் தகட்டுத் தடிமனுக்குக் குறையாமல் 2 மி.மீ. லேசர் முடிக்கற்றை அளவுக்குக்கூட வெட்டுமே, எதற்கு இவ்வளவு அகலம் என்று கேட்கலாம். மடக்கும்போது உள்பக்கம் அமுங்கிய உலோகம் மடிப்பின் இரு ஓரத்திலும் பக்கவாட்டில் பிதுங்கும். இடைவெளி போதாவிட்டால் அது தோளில் உரசும். அதிர்வுள்ள இடமென்றால் வெட்டின் அடியைச் சதுரமாக விடாமல் வட்டமாக முடிப்பது நல்லது.

சென்சார் ஓட்டையையும் இந்த இடத்திலேயே பார்த்துவிட வேண்டும். 18 மி.மீ. சென்சாருக்கு 18.5 ஓட்டை, 40-க்கு 40 சதுரத்தின் நடுவில். அதன் ஓரம் மடக்கும் கோட்டிலிருந்து ஏறக்குறைய 9 மி.மீ. தள்ளி இருக்கிறது. டையின் பாதி அகலம் 8. தப்பித்தது. பள்ளத்துக்குள் விழுந்திருந்தால் ஓட்டை முட்டை வடிவத்துக்கு இழுபட்டு, சென்சாரின் நட்டு ஒரு பக்கம் தூக்கி நிற்கும்.

இனி ஃபைல். லேசருக்குப் போகும் டி.எக்ஸ்.எஃப்.-ல் வெட்ட வேண்டிய கோடுகள் மட்டும், ஒன்றுக்கு ஒன்று அளவில், மில்லிமீட்டரில் இருக்க வேண்டும். கற்றை தின்னும் அகலத்தை மிஷினின் மென்பொருளே சரிக்கட்டிவிடும். நாம் கூட்டிக்கொடுத்தால் இரண்டு முறை கூடிவிடும். மடக்கும் கோட்டைத் தனி லேயரில் போட்டு, அது வெட்டுக்கோடு அல்ல என்று ஜாப் ஒர்க் எடுப்பவரிடம் வாயாலும் சொல்லிவிடுவது உத்தமம். கோவையிலோ அம்பத்தூரிலோ எந்த லேசர் கடையின் ஸ்கிராப் தொட்டியிலும் மடிப்புக்கோட்டில் கச்சிதமாக இரண்டாக வெட்டுண்ட தகடுகளைப் பார்க்கலாம்.

இதே பிராக்கெட்டை நாளை ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் கேட்டால் பழைய ஃபைலை அப்படியே அனுப்பக் கூடாது. அதே 16 டையில் ஆரம் இன்னும் பெரிதாக வரும், விட்டதும் விரிவதும் அதிகம். முதலில் மறுபடியும் ஒரு 100 மி.மீ. பட்டை.