"லேபர் லா படி" என்று ஏஜென்ட் சொன்னால்

துபாய் வேலைக்கு இன்டர்வியூ முடிந்ததும் ஏஜென்ட் ஒரு தொகையைச் சொல்வார். "மாசம் 2,000 திர்ஹம் தம்பி." டிக்கெட், ரூம், லீவு, கடைசியில் வரும் பணம் என்று எதைக் கேட்டாலும் "எல்லாம் லேபர் லா படி" என்பார். உறுதிமொழி போலத்தான் இருக்கும். ஆனால் அமீரகத்துச் சட்டம் சிலவற்றைக் கட்டாயமாக்குகிறது, சிலவற்றைப் பற்றிப் பேசுவதே இல்லை.

லீவு டிக்கெட் அப்படிப் பேசாத ஒன்று. 2022 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டம், ஓராண்டு வேலை பார்த்தவருக்குச் சம்பளத்தோடு 30 நாள் லீவு தருகிறது. அந்த லீவுக்கு ஊர் வந்துபோகும் விமானக் கட்டணத்தை முதலாளி தர வேண்டும் என்று சொல்லவில்லை. ஆகவே டிக்கெட் விஷயத்தில் "லேபர் லா படி" என்றால் டிக்கெட் இல்லை என்றுதான் பொருள். வருஷத்துக்கு ஒன்றா, இரண்டு வருஷத்துக்கு ஒன்றா, போகவர இரண்டுக்குமா, பணமாகத் தந்தால் எவ்வளவு என்று கேளுங்கள். பள்ளி விடுமுறையில் கட்டணம் ஏறும்போது, பணமாக வாங்கியவர் கைக்காசையும் சேர்க்க வேண்டியிருக்கும். வேலை முடிந்து ஊர் திரும்பும் டிக்கெட் வேறு. அதைப் பொதுவாக முதலாளிதான் தர வேண்டும். நீங்கள் வேறு கம்பெனிக்கு மாறினாலோ, வேலை முறிந்ததற்குக் காரணம் நீங்களாக இருந்தாலோ அது கிடைக்காது.

இனி அந்த 2,000 திர்ஹத்தைப் பிரித்துப் பார்ப்போம். ஓர் எலக்ட்ரீஷியனுக்கு இரண்டு வேலைகள் வருகின்றன என்று வையுங்கள். முதல் கம்பெனியில் பேசிக் 900, அலவன்ஸ் 1,100, ரூம் கிடையாது. இரண்டாவதில் பேசிக் 1,500, சாப்பாட்டுக்கு 300, ரூம் கம்பெனியுடையது. மொத்தம் 1,800தான். வீட்டில் எல்லோரும் முதலாவதைத்தான் கைகாட்டுவார்கள்.

வேலையை விடும்போது கிடைக்கும் கிராஜுவிட்டி பேசிக்கை மட்டுமே வைத்துக் கணக்கிடப்படுகிறது, அலவன்ஸ் அதில் சேராது. முதல் ஐந்து வருஷத்துக்கு வருஷம் ஒன்றுக்கு 21 நாள் பேசிக், அதற்குமேல் வருஷத்துக்கு 30 நாள். ஏழு வருஷம் இருந்தால் என்ன வரும்? பேசிக் 900 என்றால் நாளைக்கு 30 திர்ஹம், 21 நாளுக்கு 630. ஐந்து வருஷத்துக்கு 3,150. மீதி இரண்டு வருஷத்துக்கு 1,800. ஆக 4,950 திர்ஹம். பேசிக் 1,500 என்றால் இதே கணக்கில் 8,250. "சின்ன" சம்பளக்காரர் 3,300 திர்ஹம் கூடுதலாகக் கொண்டுவருவார். ஒரு வருஷம் முடியாமல் விட்டால் இருவருக்குமே கிராஜுவிட்டி இல்லை. இந்தக் கணக்கு அமீரகத்துக்கு மட்டும். சவூதியில் இரண்டு வருஷத்துக்குள் தானாக ராஜினாமா செய்தவருக்கு இந்தப் பணம் கிடைக்காது. இரண்டிலிருந்து ஐந்து வருஷத்துக்குள் என்றால் மூன்றில் ஒரு பங்குதான்.

ரூம் விஷயத்தில் சட்டம் முதலாளிக்கு வழி விட்டிருக்கிறது. தங்க இடம் தரலாம், பணமாகத் தரலாம், சம்பளத்துக்குள்ளேயே அடக்கியும் விடலாம். நம் எலக்ட்ரீஷியன் முதல் கம்பெனிக்குப் போய், 500 திர்ஹத்துக்கு ஒரு பெட் ஸ்பேஸ் பிடித்தால் மாசம் மிஞ்சுவது 1,500. இரண்டாவதில் 1,800 முழுதாகக் கையில் நிற்கும். கம்பெனி ரூம் என்றாலும் ஓர் அறையில் எத்தனை பேர், கரண்ட், தண்ணீர் யார் கணக்கு, சமைக்க விடுவார்களா, சைட்டுக்குப் பஸ் உண்டா என்று கேட்கத் தயங்க வேண்டாம். சமையலுக்கு இடம் இல்லாத கேம்பில் 300 திர்ஹம் சாப்பாட்டு அலவன்ஸ் மாசக் கடைசி வரை வராது.

ஏஜென்ட் வாயால் சொன்னது எதுவும் அங்கே செல்லாது. அமீரகத் தொழிலாளர் அமைச்சகத்தின் படிவத்தில் வரும் ஆஃபர் லெட்டரில் என்ன இருக்கிறதோ அதுதான் பேச்சு. அது தமிழிலும் கிடைக்கும். கேட்டு வாங்கி, பேசிக் எவ்வளவு என்ற வரியை முதலில் பாருங்கள். லீவு டிக்கெட் அதில் இல்லையென்றால் சேர்த்து எழுதித் தரச் சொல்லுங்கள். "அங்க போனதும் போட்டுக்கலாம்" என்றால் கையெழுத்தை நிறுத்திவையுங்கள்.

போகிற டிக்கெட்டுக்கும் விசாவுக்கும் தனியாகப் பணம் கேட்கிறார்களா? ஆள் எடுக்கும் செலவைத் தொழிலாளியிடம் வசூலிக்கக் கூடாது என்பது அமீரகச் சட்டம். இந்தியாவில் பதிவு பெற்ற ஏஜென்ட் சேவைக் கட்டணமாக வாங்கக்கூடியது அதிகபட்சம் 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும். ஏஜென்ட் பதிவு பெற்றவரா என்பதை emigrate.gov.in தளத்தில் பார்க்கலாம். அங்கே பெயர் இல்லாதவரிடம் பாஸ்போர்ட்டைக் கொடுக்காதீர்கள்.