சீட்டாட்டத்துக்கு ஒரு கணக்குத்தாள்

நாலைந்து பேர் ரம்மி ஆடும்போது புள்ளி எழுதுபவர்கள் பெரும்பாலும் இரண்டு வழிகளில் ஒன்றைப் பிடிக்கிறார்கள். சிலர் ஒவ்வொரு ஆட்டத்தின் புள்ளியையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிக் கடைசியில் கூட்டுவார்கள். சிலர் கூட்டிய மொத்தத்தை மட்டும் எழுதுவார்கள். முதல் வழியில் யார் எல்லையை நெருங்கிவிட்டார் என்பது நடுவில் தெரியாது. இரண்டாவது வழியில் கூட்டல் பிசகினால் எங்கே பிசகியது என்று தேட முடியாது. ஆகவே நல்ல கணக்குத்தாளில் ஒவ்வொருவருக்கும் இரண்டு கட்டங்கள் வேண்டும்: இடப்பக்கம் அந்த ஆட்டத்தின் புள்ளி, வலப்பக்கம் அதுவரையான மொத்தம். தாளின் இடது ஓரத்தில் ஆட்ட எண்ணும் சீட்டுப் போட்டவர் பெயரும் இருக்கட்டும். அடுத்துப் போடவேண்டியவர் யார் என்ற வாக்குவாதம் அதோடு நின்றுவிடும். வலது ஓரத்தில் 'சரிபார்ப்பு' என்று இன்னொரு பத்தி தேவை.

101 ரம்மியில் டிக்ளேர் செய்தவருக்குப் புள்ளி இல்லை. சீட்டு எடுக்காமலே கவிழ்த்தால், அதாவது ஸ்கூட் விட்டால், 20. நடுவில் விட்டால் 40. மற்றவர்களுக்குக் கையில் சேராத சீட்டுகளின் புள்ளி. மொத்தம் 101ஐத் தொட்டவர் வெளியேற வேண்டும். நால்வர் ஆடிய மூன்று ஆட்டங்கள் தாளில் இப்படி அமையும்:

| ஆட்டம் | குமார் | வசந்தா | சேகர் | மாலா | சரிபார்ப்பு |
|---|---|---|---|---|---|
| 1 | 0 / 0 | 20 / 20 | 34 / 34 | 12 / 12 | 66 / 66 |
| 2 | 20 / 20 | 0 / 20 | 40 / 74 | 18 / 30 | 78 / 144 |
| 3 | 8 / 28 | 27 / 47 | 20 / 94 | 0 / 30 | 55 / 199 |

சரிபார்ப்புப் பத்தியில் முதல் எண், அந்த ஆட்டத்தில் எல்லோரும் வாங்கிய புள்ளிகளின் கூட்டு. அதை மேல்வரிசையின் மொத்தத்தோடு சேர்த்தால் இரண்டாவது எண் வரும். நால்வரின் மொத்தங்களைத் தனியே கூட்டினாலும் அதே எண் வர வேண்டும். சேகருக்கு 94க்குப் பதில் 84 என்று எழுதிவிட்டால் நால்வரின் கூட்டு 189 ஆகிவிடும், 199 வராது. பத்து குறைந்தால் பெரும்பாலும் கைக்கணக்கு விட்டுப்போயிருக்கும். வித்தியாசம் 9ஆகவோ 9இன் மடங்காகவோ இருந்தால் 34ஐ 43 என்பதுபோல் இலக்கம் மாறியிருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். ஒருவர் புள்ளியை இன்னொருவர் கட்டத்தில் எழுதிய தவறை மட்டும் இந்தக் கூட்டு காட்டாது. அதற்கு, எழுதும்போதே பெயரையும் எண்ணையும் உரக்கப் படிப்பதுதான் வழி.

மொத்தம் 81ஐ எட்டியவரின் எண்ணை வட்டமிடுவது மிகவும் பயன்படும். 80இல் இருப்பவர் ஸ்கூட் விட்டாலும் 100இல் தப்பிப்பார். 81இல் இருப்பவர் விட்டால் 101 ஆகிவிடும். அதனால் அவர் எந்தக் கை வந்தாலும் ஆடியே தீரவேண்டும். மேலே சேகரின் நிலை அதுதான். மேசையில் உள்ள எல்லோரும் அறிய வேண்டிய செய்தி இது. வெளியேறியவரை மறுபடி சேர்த்துக்கொள்ளும் வழக்கம் உள்ள இடங்களில், அவருடைய புதிய மொத்தத்தை எழுதி அடியில் ஒரு கோடு போட்டு, சரிபார்ப்பை அந்த வரிசையிலிருந்து புதிதாகத் தொடங்க வேண்டும்.

ஜோடி ஆட்டத்துக்குத் தாள் வேறு. 28 ஆட்டத்தில் ஜாக்கிக்கு 3, ஒன்பதுக்கு 2, ஏஸுக்கும் பத்துக்கும் தலா 1. நான்கு நிறத்துக்கும் சேர்த்து 28. ஆகவே ஏலம் கேட்ட ஜோடி, கேட்ட எண், இரு தரப்பும் பிடித்த புள்ளிகள், வெற்றிப்புள்ளி, மொத்தம் என்று பத்திகள் போட்டால் போதும். ஒரு தரப்பு 17 பிடித்தால் மறுதரப்பு 11 காட்ட வேண்டும். இரண்டும் சேர்ந்து 28 வராவிட்டால் சீட்டுகளைக் கலைப்பதற்கு முன்பே எண்ணிவிடலாம். வெற்றிப்புள்ளி கணக்கு இடத்துக்கு இடம் மாறும். கேட்டதைப் பிடித்தால் ஒன்று கூட்டல், தவறினால் ஒன்று கழித்தல் என்பது எளிய முறை.

நால்வர் மூன்று விதமாக ஜோடி சேரலாம். மூன்று சுற்றும் ஆடினால் ஒவ்வொருவரும் மற்ற மூவரோடும் ஒருமுறை கூட்டாளி ஆகிவிடுவார். அப்போது தாளின் அடியில் தனிநபர் வரிசை ஒன்று வேண்டும். சுற்று முடிந்ததும் ஜோடியின் புள்ளியைப் பாதியாக்காமல் இருவருக்கும் முழுதாகச் சேர்க்க வேண்டும். முதல் சுற்றில் குமார்-வசந்தா 2, சேகர்-மாலா −1. அடுத்ததில் குமார்-சேகர் 1, வசந்தா-மாலா 3. கடைசியில் குமார்-மாலா −2, வசந்தா-சேகர் 2. முடிவில் வசந்தா 7, சேகர் 2, குமார் 1, மாலா 0. நால்வரின் கூட்டு 10. ஜோடிகளின் கூட்டு 5. முன்னது எப்போதும் பின்னதைப்போல் இருமடங்காக இருக்க வேண்டும்.

ரம்மியில் குறைந்த புள்ளி நல்லது, 28இல் கூடிய புள்ளி நல்லது. ஒரே மாலையில் இரண்டையும் ஆடுவதானால் தனித்தனித் தாளில் எழுதி, தலைப்பிலேயே அதைக் குறித்துவிடுங்கள். இரண்டு மொத்தங்களையும் ஒன்றாகக் கூட்டக்கூடாது.