அலுவலக வாட்ஸ்அப்பில் ஒரு சிவப்பு ஹார்ட்

கணக்குப் பிரிவில் வேலை பார்க்கும் ரேவதி, கார்த்திக் என்று இருவரை வைத்துக்கொள்வோம். 20ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டி ரிட்டர்ன் போட்டாக வேண்டும். முந்தைய நாள் இரவு பத்தே முக்காலுக்கு, விடுபட்டிருந்த இரண்டு பில்களைக் கண்டுபிடித்துச் சேர்த்து ஃபைலை அனுப்புகிறார் கார்த்திக். “இப்ப டேலி ஆகுது மேடம்.” ரேவதி பதிலுக்கு ஒரு சிவப்பு ஹார்ட்டை அனுப்பிவிட்டுத் தூங்கப் போய்விடுகிறார். அவருக்கு அது “அப்பாடா, தப்பிச்சோம்” என்பதுதான். அக்காவுக்கும், கல்லூரித் தோழிகள் குரூப்பிலும், பக்கத்து சீட் பெண்ணுக்கும் நாள் முழுக்க அவர் அனுப்புகிற அதே ஹார்ட். கார்த்திக் பார்ப்பதோ வேறு: இரவு நேரம், தனி சாட், கூட ஒரு வார்த்தைகூட இல்லாத இதயம். மறுநாள் காலை அவரிடமிருந்து “சாப்டீங்களா?” என்று மெசேஜ் வருகிறது. அதற்கடுத்த நாள், “டிபி சூப்பர்!”

கார்த்திக் கெட்டவர் என்று இதற்கு அர்த்தமில்லை. 1982இல் ஆன்டோனியா ஆபி என்ற அமெரிக்க உளவியலாளர் ஒரு சோதனை செய்தார். முன்பின் தெரியாத ஓர் ஆணையும் பெண்ணையும் ஐந்து நிமிடம் பேசவிட்டு, இன்னோர் ஆணையும் பெண்ணையும் மறைவாக இருந்து கவனிக்க வைத்தார். பார்த்தது ஒரே பேச்சைத்தான். ஆனாலும் பெண்கள் வெறும் நட்பாகக் கண்ட இடத்தில், பேசிய ஆணும் ஒளிந்து பார்த்த ஆணும் அந்தப் பெண்ணிடம் கூடுதலான ஈர்ப்பைக் கண்டார்கள். எதிரில் முகமும் குரலும் இருந்தபோதே இந்த நிலை. போனில் அந்த இரண்டும் கிடையாது. அதனால் பார்ப்பவர் நேரத்தையும் இடத்தையும் வைத்துத்தான் ஹார்ட்டுக்கு அர்த்தம் சேர்க்கிறார்.

ஆப்களும் இதற்கு ஒரு காரணம். வாட்ஸ்அப்பில் 2022இல் ரியாக்‌ஷன் வந்தபோது தந்த ஆறு படங்களில் ஹார்ட் கட்டைவிரலுக்குப் பக்கத்திலேயே இருந்தது. ஸ்டேட்டஸுக்கு லைக் போட்டாலும் ஹார்ட்தான் போகும். அது ஸ்டேட்டஸ் வைத்தவருக்கு மட்டுமே தெரியும் என்பதால், வேறு யாரும் அறியாத ஒரு சைகை போல ஆகிவிடுகிறது. மெசேஜின் ஓரத்தில் ஒட்டிக்கொள்கிற ரியாக்‌ஷன் சின்னதாக இருக்கும். சிவப்பு ஹார்ட்டைத் தனி மெசேஜாக அனுப்பினாலோ, அது பெரிதாகி, துடிக்கவும் செய்யும். ரேவதி அனுப்பியது இந்த இரண்டாவது வகை.

ஹார்ட்டே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். குரூப்பில் ஒருவர் குழந்தை பிறந்த செய்தியைப் போடுகிறார், பத்து பேர் ஹார்ட் போடுகிறார்கள். பதினொன்றாவது உங்களுடையதாக இருந்தால் யாரும் தப்பாக எடுக்கப் போவதில்லை. சிக்கல் தனி சாட்டில், அதிலும் ராத்திரியில், ஆளின் போட்டோவுக்குப் போடும்போதுதான். அங்கே நன்றியை வார்த்தையாகவே சொல்லிவிடுங்கள்: “அந்த ரெண்டு பில்லைப் பிடிச்சது பெரிய உதவி, தேங்க்ஸ் கார்த்திக்.” எதற்காக நன்றி என்பது அதிலேயே இருப்பதால் வேறு அர்த்தம் தேட இடமில்லை. படம் வேண்டுமென்றால் கட்டைவிரலோ கைகூப்பலோ போதும். மேலதிகாரியாக இருந்தால் இன்னும் கவனம் தேவை. கீழே வேலை பார்ப்பவருக்குச் சங்கடமாக இருந்தாலும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்.

போட்டது ரியாக்‌ஷன் என்றால் மறுபடி அழுத்தி எடுத்துவிடலாம். தனி மெசேஜை அழித்தால் ‘நீக்கப்பட்டது’ என்ற தடம் நிற்கும்; அது சந்தேகத்தைத்தான் கூட்டும். அழிக்காமல், கீழே வேலை பற்றி ஒரு வரி எழுதுவது நல்லது. பேச்சு “டிபி சூப்பர்” வரை போய்விட்டால் மழுப்பாமல் சொல்லிவிட வேண்டும்: “நான் எல்லாருக்கும் ஹார்ட் போடுவேன் கார்த்திக், வேற அர்த்தம் இல்ல. ஆபீஸ் விஷயம் மட்டும் பேசுவோம்.” பதிலே போடாமல் இருந்தால் புரிந்துகொள்வார் என்று நம்பிச் சும்மா இருப்பவர்கள் பலர். மௌனத்தைக் கூச்சம் என்று நினைத்துக்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள்.

ஹார்ட் வந்து சேர்ந்த பக்கத்தில் இருப்பவர் ஒன்றைப் பார்த்தால் போதும்: இவர் மற்றவர்களுக்கும் இப்படித்தான் போடுகிறாரா? ஆமென்றால் அது அவருடைய பழக்கம், உங்களுக்கான சேதி அல்ல.

ஒரே ஒரு ஹார்ட் குற்றமாகிவிடாது. வேண்டாம் என்று சொன்ன பிறகும் ஹார்ட்டும் கொஞ்சல் மெசேஜும் தொடர்ந்தால் கதை வேறு. பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டம், பெண் விரும்பாத பாலியல் தன்மையுள்ள நடத்தையை, அது சொல்லாக இல்லாவிட்டாலும், கணக்கில் எடுக்கிறது. பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் புகார் விசாரிக்க உள்ளகக் குழு இருந்தாக வேண்டும். கடைசியாக நடந்ததிலிருந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் தர வேண்டும். “வேண்டாம்” என்று நீங்கள் சொன்ன மெசேஜும் அதற்குப் பின் வந்தவையும், தேதியும் நேரமும் தெரிகிற ஸ்கிரீன்ஷாட்டாகக் கையில் இருக்கட்டும்.